எண்ணெய் ஒட்டிய பக்கம்

"சத்தம் மட்டும்தான் வருது. ரெக்கை அசையவே இல்லையே."

தையல்காரம்மா குளியலறை வாசலில் நின்று, கழுத்தைப் பின்னால் சாய்த்து, சுவரின் உச்சியில் இருந்த எக்ஸாஸ்ட் ஃபேனைப் பார்த்துச் சொன்னாள்.

"முக்குது," என்றார் அவள் வீட்டுக்காரர். காலமெல்லாம் பஸ் ஓட்டியவர். எந்த இயந்திரத்தைப் பார்த்தாலும் அவருக்கு அது வண்டிதான். "மேட்டுல ஏற முடியாம வண்டி முக்குமே, அந்த மாதிரி. அணைச்சிடு. இப்படியே விட்டா காயில் கருகிடும்."

அவள் சுவிட்சை அணைத்தாள். முனகல் நின்றது. நின்றதும் இன்னொரு சத்தம் கேட்டது. பெட்டி ஒட்டும் டேப்பை யாரோ சர்ரென்று இழுக்கிறார்கள். கொஞ்சம் அமைதி. மறுபடி சர்ர். எதிர் வீட்டில் டீச்சரக்கா சாமான் கட்டுகிறாள்.

நாளைக் காலையில் லாரி வருகிறது. அக்கா மகனோடு போய் இருக்கப் போகிறாள். போனால் போனதுதான், இந்தப் பக்கம் திரும்பி வர அவளுக்கு இனி ஒரு வேலையும் இல்லை. தையல்காரம்மாவும் அவளும் பேசி இரண்டு வருஷம் ஆகிறது. பேசாமலே போய்விடுவாளோ என்ற நினைப்பு ஒரு வாரமாகத் தையல்காரம்மாவைப் படுத்தி எடுத்தது. கவனம் இல்லாமல் சட்டைக் காலரைத் தலைகீழாகத் தைத்துவிட்டுப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"நீயா போய்ப் பேசினா என்ன குறைஞ்சிடும்?" என்று அவர் நேற்றும் கேட்டார்.

"தப்பு பண்ணவங்க பேசட்டும்."

"அவங்களும் அங்க உக்காந்து அதையேதான் சொல்லிட்டு இருப்பாங்க."

இரண்டு வீடும் ஒரே மாடியில்தான். ஆனால் படிக்கட்டு வேறு வேறு. இங்கிருந்து அங்கே போக, கீழே இறங்கி, கட்டடத்தைச் சுற்றி, அடுத்த படிக்கட்டில் மூச்சு வாங்க ஏற வேண்டும். நடுவில் இருப்பது காற்றுக்கென்று விட்ட ஒரு சந்து. மேலே தீப்பெட்டி அளவு வானம். கீழே குழாய்களும் புறா எச்சமும். இரு வீட்டுக் குளியலறை வென்டிலேட்டர்களும் அந்தச் சந்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக, எதிரெதிரே. அக்காவின் சமையலறை ஜன்னலும் அங்கேதான் திறக்கும்.

அந்த வென்டிலேட்டர் வழியாகத்தான் இவர்கள் பழகினார்கள். அப்போது ஃபேன் கிடையாது, சாய்த்துப் போட்ட கண்ணாடிப் பட்டைகள்தான். இந்தப் பக்கம் துணி துவைக்கும் சத்தம் கேட்டால் அந்தப் பக்கம் குரல் வரும். "என்ன ஊசி, இன்னிக்கு மூட்டை பெரிசு போல." ஊசி என்பது அக்கா வைத்த பெயர். முகம் தெரியாது, குரல்தான். தெருவில் எதிரே வந்தால் இருவருக்கும் கொஞ்சம் கூச்சமாகக்கூட இருக்கும். வீடு திரும்பி வாளியை நகர்த்தியதும் விட்ட இடத்திலிருந்து பேச்சு ஓடும்.

பிள்ளைகள் வாய்ப்பாடு படித்தது குளியலறையில்தான். மூத்தவன் சோப்புப் போட்டுக்கொண்டே ஏழாம் வாய்ப்பாட்டைப் பாடுவான். தப்பாகச் சொன்னால் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "டேய், மறுபடி முதல்லேர்ந்து," என்று வரும். அவன் பள்ளிக்கூடத்தில் பயந்ததைவிட வென்டிலேட்டருக்குப் பயந்தான். இவள் வீட்டுக்காரர் குளிக்கும்போது பாடுவார். "தம்பி, ஹாரன் நல்லா இருக்கு, பாட்டுதான் கேக்கல," என்பாள் அக்கா. ஒரு முறை இவளுக்கு அவசரமாகச் சிவப்பு நூல் தேவைப்பட்டது. அக்கா ஒட்டடைக் கொம்பின் நுனியில் நூல்கண்டைக் கட்டி, ஸ்டூல் மேல் ஏறிச் சந்தைத் தாண்டி நீட்டினாள். அன்றிலிருந்து பட்டன், தலைவலி மாத்திரை, ஒரு நாள் ஒரு பச்சைமிளகாய் எல்லாம் கொம்பில் பயணம் செய்தன. பச்சைமிளகாய் மட்டும் கீழே விழுந்தது. அதை நினைத்து ஒரு வாரம் சிரித்தார்கள்.

அப்புறம் சுவர் பூசணம் பிடிக்கிறது என்று கண்ணாடிப் பட்டைகளைக் கழற்றிவிட்டு ஃபேன் வைத்தார்கள். அது ஓடும்போது அந்தப் பக்கக் குரல் கேட்காது. "ஃபேன நிறுத்து, ஒரு விஷயம்," என்பாள் அக்கா. இவள் நிறுத்துவாள். நாளாக நாளாக நிறுத்த மறந்தாள். பேச்சு சுருங்கி, ஒன்றிரண்டு வார்த்தையாயிற்று.

பிறகு அந்த நாள். ஃபேனின் முன்மூடியைத் துடைக்கப் போனவள் துணியைப் பார்த்து அதிர்ந்தாள். பழுப்பு நிறத்தில், பசை மாதிரி, தூசியும் எண்ணெயும் கலந்து இழுபட்டது. மூக்கில் வைத்தால் வறுத்த மீன் வாடை. குளியலறையில் எண்ணெய் எங்கிருந்து வரும். சந்தில் அக்காவின் சமையலறை ஜன்னல் இருக்கிறதே என்று உடனே தோன்றியது.

"அக்கா, உங்க வீட்டு வாணலி எண்ணெயெல்லாம் எங்க பாத்ரூம் ஃபேன்லதான் குடியிருக்கு. கொஞ்சம் ஜன்னல சாத்திட்டு வறுங்களேன்."

அந்தப் பக்கம் ஜன்னலைச் சாத்தும் சத்தம் மட்டும் கேட்டது. அன்றோடு சரி. அக்காவின் வீட்டுக்காரர் காலமானபோது இவள் போனாள், வாசலில் நின்றாள், அக்கா தலையசைத்தாள். அவ்வளவுதான்.

"சரி, வா," என்றார் அவர். "எலெக்ட்ரீசியன்கிட்ட போன்ல கேட்டேன். முதல்ல கழட்டிச் சுத்தம் பண்ணுங்க, அப்புறம் கூப்பிடுங்கன்னுட்டான்."

"அவனுக்கும் கழுவற வேலைன்னா ஆகாது."

பிளக்கைப் பிடுங்கினார். ஸ்டூலில் ஏறினார். அவள் கீழிருந்து ஸ்டூலின் காலைப் பிடித்துக்கொண்டாள். முன்மூடியை இழுத்ததும் அது பசக்கென்று விட்டது. மெத்தையில் திணித்த பஞ்சு மாதிரி தூசி, சாம்பல் நிறத்தில், இடுக்குக்கு இடுக்கு தொங்கியது. ஒரு துண்டு அவர் மூக்கில் விழுந்தது.

"தும்மாதீங்க, ஸ்டூல் ஆடும்."

"தும்மல் என்னைக் கேட்டுட்டா வருது."

நடுவில் இருந்த குமிழைப் பிடித்துத் திருகினார். முகம் சிவந்தது. "இறுகிப் போச்சு. தட்டணும் போல."

"எந்தப் பக்கம் திருகுறீங்க?"

"எல்லா மரையும் கழல்ற பக்கந்தான். இடது."

"அந்தக் குமிழ்ல என்னமோ கோடு தெரியுதே, தொடைங்க."

கட்டைவிரலால் வழித்தார். அழுக்குக்கு அடியில் ஒரு அம்புக்குறி, வலப்புறம் காட்டியது. ரெக்கை சுற்றுகிற வேகத்தில் கழன்றுவிடாமல் இருக்க மரையைத் தலைகீழாகப் போட்டிருந்தார்கள்.

"அப்போ இவ்வளவு நேரம் நான் இறுக்கிட்டு இருந்திருக்கேன்."

"நீங்க ரிவர்ஸ்ல போறது புதுசா என்ன."

வலப்புறம் திருகியதும் குமிழ் கழன்றது. ரெக்கையை இழுத்து எடுத்துக் கொடுத்தார். விளிம்பு முழுக்கக் கறுப்புப் பசை, முன்பக்கம் சாணி பூசினது போல. பிறகு நாலு போல்ட். ஒரு கையால் ஃபேனைத் தாங்கி, மற்ற கையால் ஸ்பேனரைத் திருப்பினார். கடைசி போல்ட் கழன்றதும் அவள் நாற்காலியில் ஏறி இன்னொரு பக்கம் பிடித்தாள். ஃபேன் மொத்தமும் வெளியே வந்தது. பின்னாலேயே இருந்த தடுப்புப் பட்டைகளும் சட்டத்தோடு வந்தன. ஃபேன் ஓடினால் காற்று தள்ளித் திறக்கும், நின்றால் தானாகச் சாயும், அந்தப் பட்டைகள்.

சுவரில் சதுரமாக ஒரு வெளிச்சம். வெளிப்பக்கம் புறா வராமல் அடித்த கம்பிவலை மட்டும் மிச்சம். வலைக்கு அப்பால் சந்து. சந்துக்கு அப்பால், அக்காவின் வென்டிலேட்டர், அதே பழைய கண்ணாடிப் பட்டைகள். அங்கே விளக்கு எரிந்தது. குழாயில் தண்ணீர் விழும் சத்தம், ஏதோ முணுமுணுப்பு. எதைக் கட்டுவது எதை விடுவது என்று அக்கா தனக்குத்தானே பேசிக்கொள்கிறாள். இத்தனை கிட்டவா இருந்தாள் என்று தையல்காரம்மாவுக்குத் திகைப்பாக இருந்தது.

"கூப்பிடு," என்றார் அவர் மெதுவாக.

"முதல்ல இதைக் கழுவணும்."

கீழே இறங்கி, செய்தித்தாளை விரித்து உட்கார்ந்தாள். தண்ணீர் பட்டால் இது சேறாகிவிடும் என்று அவளுக்குத் தெரியும். முதலில் உலர்வாகவே, துணி அளக்கும் பழைய பிளாஸ்டிக் ஸ்கேலால் வழித்தாள். பசை, நமத்த கம்பளித் துணி மாதிரி சுருண்டு சுருண்டு வந்தது. பிறகு வாளியில் கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர், அதில் சலவை சோடா, பாத்திர சோப்பு. "கொதிக்கக் கொதிக்க ஊத்தாதே, பிளாஸ்டிக் வளைஞ்சிடும்," என்றார். "தெரியும், தெரியும்." ரெக்கையையும் முன்மூடியையும் ஊறப் போட்டாள். சிறிது நேரத்தில் தண்ணீர் தேநீர் நிறமாயிற்று. மேலே எண்ணெய்க் கண்கள் மிதந்தன.

மோட்டாரில் மட்டும் தண்ணீர் படக் கூடாது. அதை அவர் மடியில் வைத்துக்கொண்டு, உலர்ந்த பல் துலக்கும் பிரஷால் இடுக்குகளைச் சுரண்டினார். தண்டைச் சுற்றி நூலும் தலைமயிரும் எண்ணெயும் இறுகி ஒரு மோதிரம் போட்டிருந்தன. "இதான் பிடிச்சு வச்சிருக்கு," என்றார். "உன் நூல்தான்." கத்தியால் அறுத்து எடுத்ததும் தண்டு கையால் சுற்றியது. தையல் மெஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு விட்டாள்.

கடைசியில் தடுப்புப் பட்டைகள். ஒன்றோடொன்று ஒட்டிப் போய், மோட்டார் தள்ளினாலும் திறந்திருக்காது. பிரித்தாள். ஒன்றை எடுத்துத் தொட்டாள். விரல் ஒட்டிக்கொண்டது. அடுத்து அதைத் திருப்பினாள்.

திருப்பியவள் அப்படியே இருந்துவிட்டாள்.

"என்ன?"

"இங்க பாருங்க. இந்தப் பக்கம் பசை. இந்தப் பக்கம் ஒண்ணும் இல்ல."

உலர்ந்த மண் தூசி மட்டும் இருந்தது. ஊதினாள். பறந்தது, பட்டை வெள்ளையாகத் தெரிந்தது.

"எது வெளிப்பக்கம்?" என்று கேட்டாள்.

அவர் வாங்கிப் பார்த்தார். கீல் இருந்த இடத்தைத் தடவினார். "ஊதினா பறக்குதே, இது சந்தைப் பாத்த பக்கம். பசை இருக்கறது நம்ம பக்கம்."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

"இதுல பாக்க என்ன இருக்கு. ஃபேன் வெளியதான தள்ளுது. ஓடும்போது வெளிக்காத்து உள்ள வராது. நின்னா பட்டை மூடிக்கும், அந்தப் பக்கத்துப் புகை படிஞ்சா வெளிமுகத்துலதான் படியணும்."

அவள் ஸ்டூலில் ஏறிக் கம்பிவலையைப் பார்த்தாள். விரலைக் கொடுத்துத் தடவினாள். உள்பக்கம் ஒட்டியது. விரலை வளைத்து வலையின் ஓட்டை வழியாக வெளிப்பக்கத்தைத் தொட்டாள். மண்ணும் ஒரு புறா இறகும்.

அங்கிருந்தே திரும்பிப் பார்த்தாள். குளியலறைக் கதவு திறந்திருந்தது. கதவுக்கு நேரே குறுகலான நடை. நடையைத் தாண்டினால் சமையலறை, அடுப்பு. இங்கிருந்து அடுப்பின் குமிழ்கூடத் தெரிந்தது.

"மீன் வறுக்கும்போது இந்தக் கதவத் திறந்து வச்சு ஃபேனப் போடச் சொன்னது யாரு?"

அவர் பிரஷைக் கீழே வைத்தார். சமையலறையில் ஃபேன் கிடையாது. ஜன்னலைத் திறந்தால் அடுப்பு அணைகிறது. அதனால் ஜன்னலைச் சாத்தி, குளியலறை ஃபேனைப் போட்டு, கதவைத் திறந்து வைத்தால் புகை நடை வழியாக ரயில் மாதிரி வரிசையாகப் போய்விடும் என்று கண்டுபிடித்தது அவர்தான். வந்த விருந்தாளிகளுக்கெல்லாம் செய்துகாட்டினார். அவளும் "எங்க வீட்டுக்காரர் மூளை" என்று பெருமைப்பட்டாள்.

"புகை போச்சுல்ல," என்றார் சன்னமாக. "எண்ணெய் இங்கேயே தங்கிடும்னு யோசிக்கல."

"எல்லாம் நம்ம வாணலி."

"ஆமா. நம்ம வாணலி."

அவள் ஸ்டூலிலேயே நின்றாள். கையில் பசை காய்ந்து இறுகியது. அந்தப் பக்கம் குழாய் மூடும் சத்தம் கேட்டது. விளக்கை அணைத்துவிட்டுப் போய்விட்டால் இனி கூப்பிட முடியாது என்று தோன்றியது. தொண்டையைச் செருமினாள்.

"அக்கா."

விளக்கு அணையவில்லை.

"டீச்சரக்கா. நான்தான்."

"தெரியுது," என்றது அந்தப் பக்கம். குரல் பழசாகியிருந்தது. "ஃபேனக் கழட்டிட்டீங்களா? கொஞ்ச நேரமா சத்தம் இல்லையேன்னு பாத்தேன்."

"கழுவறோம்." கீழே அவர் தலையை ஆட்டி, சொல், சொல் என்று கை காட்டினார். "அக்கா, அந்த எண்ணெய் எங்க வீட்டுது. இப்பதான் பாத்தோம். உள்பக்கந்தான் ஒட்டியிருக்கு. உங்க பக்கம் வெறும் தூசி. நான் சொன்னது தப்பு."

கீழே எங்கோ ஒரு புறா முனகியது.

"எங்க வீட்டுது இல்லன்னு எனக்கு அன்னிக்கே தெரியும்," என்றாள் அக்கா.

"தெரிஞ்சும் ஏன் சொல்லல? நாலு வார்த்தை திட்டியிருக்கலாமே."

"ஊசி, எங்க வீட்டுக்காரருக்கு அப்ப நெஞ்சு சரியில்லன்னு டாக்டர் எண்ணெயே ஆகாதுன்னுட்டாரு. வெறும் வேகவச்சதுதான் வீட்டுல. நான் வாணலிய எடுத்துப் பரண்ல போட்டு எத்தனையோ மாசம் ஆயிருந்துச்சு. நீ வந்து வறுக்கறீங்கன்னு சொல்ற."

தையல்காரம்மா கம்பிவலைக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுபோனாள்.

"கோவம்னு நெனச்சிருப்ப," என்றாள் அக்கா. "கோவம் இல்ல. இந்த வீட்டுல என்ன வேகுதுன்னு உனக்குத் தெரியாமப் போச்சேன்னு இருந்துச்சு. முன்னெல்லாம் நான் தாளிச்சா உப்பு போட்டாச்சான்னு கேப்ப."

"நீங்களும் சொல்லலியே அக்கா, அவருக்கு முடியலன்னு."

"எப்படிச் சொல்றது. நான் சொல்ல வந்தப்பல்லாம் உன் ஃபேன் ஓடிட்டு இருந்துச்சு. ரெண்டு தடவை நிறுத்துன்னு கத்தினேன். அதெல்லாம் கத்திச் சொல்ற விஷயமா."

இவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. துடைக்கக் கையைத் தூக்கினாள், கையெல்லாம் பசை. அப்படியே தோளில் முகத்தைத் தேய்த்துக்கொண்டாள்.

"அழறியா?"

"தூசி."

"அந்தத் தூசியக் கண்ணுல விட்டுக்காத, அதுல எண்ணெய் இருக்கு," என்றாள் அக்கா. இரண்டு பக்கமும் ஒரு சின்னச் சிரிப்பு புறப்பட்டு, பாதியிலேயே நின்றது.

"நாளைக்கு எத்தனை மணிக்கு லாரி?"

"காலையில. இன்னும் பாத்ரூம் வேலை முடியல. வீட்டச் சுத்தமா ஒப்படைக்கணும். இந்த வென்டிலேட்டர் கண்ணாடிதான். முழங்கால் விட மாட்டேங்குது, ஸ்டூல் ஏற முடியல. துடைப்பத்தால தட்டிப் பாத்தேன், தூசி தலையில கொட்டுச்சு."

தையல்காரம்மா கீழே இறங்கினாள். கையைக் கழுவினாள். ஸ்கேல், பிரஷ், சோடா டப்பா எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டாள்.

"எங்க?" என்றார் அவர்.

"அந்தப் படிக்கட்டு."

"ரெக்கைய யாரு தேய்க்கறது?"

"ரிவர்ஸ்ல வந்தவர்தான்."

இறங்கி, சுற்றி, ஏறினாள். இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினாள். கதவு திறந்தே இருந்தது. அக்கா முன்னால் நின்றாள், இடுப்பில் கை வைத்து, இவளை மேலும் கீழும் பார்த்தாள். நரைத்திருந்தாள்.

"இளைச்சிட்டே," என்றாள்.

"நீங்கதான் அக்கா."

"சரி வா, ரெண்டு பேருமே இளைச்சிட்டோம்னு வச்சுக்குவோம்."

குளியலறையில் தையல்காரம்மா ஸ்டூல் ஏறினாள். அக்கா கீழே நின்று ஸ்டூலின் காலைப் பிடித்தாள். கண்ணாடிப் பட்டைகளை ஒவ்வொன்றாகப் பள்ளத்திலிருந்து நழுவ விட்டுக் கீழே கொடுத்தாள், அக்கா வாளியில் அலம்பினாள். இங்கே பசை எதுவும் இல்லை. தூசி நீரில் கரைந்து ஓடியது. சொன்னது போலவே, இந்த வீட்டில் எண்ணெய் இல்லை. அதைத் தொட்டுப் பார்த்தபோதுதான் அவளுக்கு முழுக்க உறைத்தது. இன்னும் அழுத்தித் தேய்த்தாள்.

எல்லாப் பட்டையும் எடுத்தபின் நிமிர்ந்து பார்த்தாள். சந்துக்கு அப்பால் அவள் வீட்டு ஓட்டை. இத்தனை வருஷத்தில் தன் வீட்டை இந்தப் பக்கமிருந்து பார்த்ததே இல்லை. சின்ன வீடாக, இருட்டாக இருந்தது. கொடியில் அவளுடைய துண்டு தொங்கியது. ஃபேன் இருந்த இத்தனை நாளும் அக்காவுக்கு இதுகூடத் தெரிந்திருக்காது.

ஓட்டையில் அவர் முகம் வந்தது. நெற்றியில் கறுப்புப் பசை.

"தேய்ச்சு முடிச்சாச்சு," என்று கூப்பிட்டார். "பளபளன்னு இருக்கு. ஈரமும் போயிடுச்சு. மாட்டிடவா?"

தையல்காரம்மா கீழே அக்காவைப் பார்த்தாள்.

"என்ன கேக்குறாரு தம்பி?" என்றாள் அக்கா.

"ஃபேன மாட்டிடவான்னு கேக்குறாரு."

அக்கா கண்ணாடியின் ஈரத்தைத் துணியில் ஒற்றினாள். "நாளைக்கு லாரி போனப்புறம் மாட்டச் சொல்லு. இன்னும் நிறைய பேச வேண்டியிருக்கு. முதல்ல எங்க அவரு கதையச் சொல்றேன். கடைசி நாள்ல என்ன சொன்னாருன்னு உனக்குத் தெரியாதே."

தையல்காரம்மா ஓட்டைப் பக்கம் திரும்பினாள்.

"வேண்டாம், அப்படியே வைங்க. கதவ மட்டும் சாத்திட்டுப் போங்க. அடுப்பப் பத்தவச்சீங்கன்னா இங்க வாடை வரும்."

"சரி," என்று முகம் மறைந்தது. கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

அவள் ஸ்டூலை விட்டு இறங்கி, கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் உட்கார்ந்தாள். "சொல்லுங்க அக்கா," என்றாள்.